ரேட்டா, சார்ஜா? வளைகுடாவிலிருந்து குமரி மாவட்டத்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எக்ஸ்சேஞ்சில் ஒரு திர்ஹத்துக்கு 22.90, மொபைல் ஆப்பில் 22.70. ரேட் கூடின இடத்தில்தானே அண்ணே போடணும்?

எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை தம்பி. ரேட்டில் இருக்கும் 20 பைசா வித்தியாசம் ஒவ்வொரு திர்ஹத்துக்கும் கிடைக்கும், அதாவது தொகை கூடக் கூட அந்த லாபமும் கூடும். சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்லை, நூறு அனுப்பினாலும் ஐயாயிரம் அனுப்பினாலும் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே தொகைதான். அதனால் சின்னத் தொகையில் சார்ஜ் பெரிதாகத் தெரியும், பெரிய தொகையில் ரேட் பெரிதாகத் தெரியும், நடுவில் எங்கோ ஓர் இடத்தில் இரண்டும் சமமாகும்.

ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற, கருங்கல் ஊரில் வீடு இருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். சாப்பாடு, போன் செலவு எல்லாம் போக மாதம் 1500 திர்ஹம் ஊருக்கு என்று ஒதுக்குகிறார். எக்ஸ்சேஞ்சில் சார்ஜ் 20 திர்ஹம், அதன்மேல் 5% வாட், ஆக 21. (எமிரேட்ஸில் 2018-லிருந்து வாட் உண்டு, ஆனால் அது சார்ஜுக்கு மட்டும்தான், அனுப்புகிற தொகைக்கு இல்லை.) ஆப்பில் சார்ஜ் எதுவும் இல்லை. இந்த ரேட்டும் சார்ஜும் கணக்குப் புரிவதற்காக நான் எடுத்தவை, உங்கள் கையில் இருக்கும் இன்றைய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் 21 போக 1479 திர்ஹம்தான் ரூபாயாக மாறும். 1479-ஐ 22.90-ஆல் பெருக்கினால் 33,869 ரூபாய். ஆப்பில் 1500 முழுவதும் மாறும், 22.70 வீதம் 34,050 ரூபாய். ரேட் குறைவான ஆப்பில்தான் வீட்டுக்கு 181 ரூபாய் கூடுதலாகப் போய்ச் சேருகிறது. அதே கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் மார்த்தாண்டத்துக்காரர் 4000 அனுப்புகிறார் என்றால் கதை மாறிவிடும்: எக்ஸ்சேஞ்சில் 91,119, ஆப்பில் 90,800. அவருக்கு எக்ஸ்சேஞ்ச்தான் 319 ரூபாய் லாபம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து "நீ ஏமாறுகிறாய்" என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அவரவர் தொகைக்கு அவரவர் செய்வது சரி.

அந்தச் சமமாகும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குக் கணக்கெல்லாம் வராது.

போனில் கால்குலேட்டர் இருந்தால் போதும். ஒரு பக்கம் சார்ஜே இல்லை என்றால், மற்ற பக்கத்து சார்ஜை அந்தப் பக்கத்து ரேட்டால் பெருக்கி, வருவதை இரண்டு ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்.

```
21 × 22.90 ÷ 0.20 = 2404.5
```

கையிலிருந்து எடுக்கிற மொத்தத் தொகை 2404 திர்ஹத்துக்குக் கீழே என்றால் ஆப், மேலே என்றால் எக்ஸ்சேஞ்ச். ஏன் இப்படி வருகிறது என்றால், 21 திர்ஹம் சார்ஜ் என்பது ஏறக்குறைய 481 ரூபாய். அந்த 481-ஐ 20 பைசா 20 பைசாவாகச் சேர்த்து மீட்க 2400 சொச்சம் திர்ஹம் தேவைப்படுகிறது.

வகுக்கும்போது 20 பைசாவை 0.20 என்று போட வேண்டும், 20 என்று போட்டுவிட்டால் 24 என்று வரும், அதைப் பார்த்து எப்போதுமே எக்ஸ்சேஞ்ச்தான் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆப்பிலும் இப்போது 5 திர்ஹம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது?

5 என்றால் வாட்டோடு 5.25. இரண்டு பக்கமும் சார்ஜ் இருக்கும்போது, இரண்டையும் ரூபாயாக்கி, பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து, அதை ரேட் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் சார்ஜ் 480.90 ரூபாய், ஆப் சார்ஜ் 5.25-ஐ 22.70-ஆல் பெருக்கினால் 119.18 ரூபாய், மீதி 361.72.

```
361.72 ÷ 0.20 = 1808.6
```

எல்லை 2404-லிருந்து 1809-க்கு இறங்கிவிட்டது. 1500 அனுப்புகிறவருக்கு இன்னும் ஆப்தான் லாபம், ஆனால் 181 ரூபாயாக இருந்தது 62 ரூபாயாகக் குறைந்துவிட்டது. 2000 அனுப்பிக்கொண்டிருந்தவர் இப்போது எக்ஸ்சேஞ்சுக்கு மாற வேண்டும், பழைய பழக்கத்தில் ஆப்பிலேயே போட்டுக்கொண்டிருந்தால் நஷ்டம்.

வருகிற ரூபாயைப் பார்த்தாலே போதாதா? ஏன் இவ்வளவு?

போதும், உண்மையில் அதுதான் ஒரே சரியான ஒப்பீடு. ஆனால் இரண்டு இடத்திலும் கையிலிருந்து போகிற தொகை ஒன்றாக இருக்க வேண்டும், இங்கேதான் நிறையப் பேருக்குத் தப்புகிறது. கவுண்டரில் "1500 அனுப்பணும்" என்று சொன்னால் அவர் 1500-ஐ ரூபாயாக்கி, சார்ஜைத் தனியாகச் சேர்த்து 1521 வாங்குவார். ரசீதில் 34,350 ரூபாய் என்று இருக்கும். சார்ஜ் இல்லாத பழைய கணக்கின்படி ஆப்பில் 34,050. பார்த்தவுடன் எக்ஸ்சேஞ்ச் 300 ரூபாய் கூடுதல் தருவதாகத் தோன்றும். அந்த 1521-ஐயும் ஆப்பில் போட்டிருந்தால் 34,527 வந்திருக்கும். ஆக எக்ஸ்சேஞ்சில்தான் 177 ரூபாய் குறைவு. ரசீதில் ரேட்டைப் பார்ப்பதற்கு முன் "மொத்தம் செலுத்தியது" என்கிற வரியைப் பாருங்கள்.

சில நேரம் கணக்கு தலைகீழாக வரும். திங்கள்நகரில் சீட்டு எடுத்திருக்கிறார்கள், வீட்டுக்கு முழுதாக 50,000 ரூபாய் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ரூபாயை ரேட்டால் வகுத்து சார்ஜைக் கூட்ட வேண்டும். எக்ஸ்சேஞ்சில் 2183.41-உம் 21-உம் சேர்த்து 2204.41 திர்ஹம், ஆப்பில் 2202.64 திர்ஹம். வித்தியாசம் இரண்டு திர்ஹம்கூட இல்லை, எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் தொகைக்கு இப்படித்தான் வரும், எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

கூகுளில் 23.00 காட்டுகிறது. ஆப்காரன் சார்ஜ் இல்லை என்கிறான். அப்போ அவனுக்கு என்ன லாபம்?

ரேட்டில்தான் லாபம். கூகுளில் தெரிவது பெரிய பேங்குகள் தங்களுக்குள் வாங்கி விற்கிற விலைக்கு நடுவில் இருக்கும் எண், அது நமக்குக் கிடைக்கிற ரேட் இல்லை. 23.00-க்கும் 22.70-க்கும் உள்ள 30 பைசா ஆப்காரரிடம் நிற்கிறது. 1500 திர்ஹத்துக்கு அது 450 ரூபாய். எக்ஸ்சேஞ்சில் 10 பைசா வீதம் கழிவதோடு சார்ஜும் சேர்ந்து 631 ரூபாய். இரண்டு பேரும் பணம் எடுக்கிறார்கள், ஒருவர் ரசீதில் எழுதி எடுக்கிறார், இன்னொருவர் ரேட்டுக்குள் வைத்து எடுக்கிறார். அதனால் கூகுள் ரேட்டை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், "மொத்தத்தில் எனக்கு எவ்வளவு போகிறது" என்று தெரியும்.

முதல் தடவை அனுப்பும்போது மட்டும் ஆப்பில் ரேட் கூட்டித் தருவது உண்டு. அந்த ஒரு ரசீதை வைத்து ரூமில் எல்லோரிடமும் சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது தடவை என்ன ரேட் என்று பார்த்த பிறகுதான் அந்த ஆப்பைப் பற்றித் தெரியும்.

ரேட் நாளுக்கு நாள் மாறுதே, போன மாதம் போட்ட கணக்கு இந்த மாதம் செல்லுமா?

எல்லை பெரிதாக மாறுவது ரேட் ஏறி இறங்குவதால் இல்லை, இரண்டு ரேட்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் மாறுவதால். எமிரேட்ஸ் திர்ஹம் ஒரு டாலருக்கு 3.6725 என்று 1997-லிருந்து நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் திர்ஹம் ரேட் என்பது டாலருக்கு எத்தனை ரூபாயோ அதை 3.6725-ஆல் வகுத்தால் வருவதுதான், ரூபாய் இறங்கினால் எக்ஸ்சேஞ்ச், ஆப் இரண்டிலும் சேர்ந்தே ஏறும். 22.90 என்பது 23.40 ஆகி, ஆப்பிலும் 23.20 ஆனால், எல்லை 2404-லிருந்து 2457-க்குத்தான் போகும், பெரிய மாற்றம் இல்லை.

வித்தியாசம் மாறினால்தான் எல்லாம் புரளும். ஆப் 22.80 தந்தால் வித்தியாசம் 10 பைசாதான், எல்லை 4809-க்குப் போய்விடும், சாதாரணச் சம்பளக்காரர் யாருக்கும் எக்ஸ்சேஞ்ச் தேவையே இல்லை. ஆப் 22.50-க்கு இறங்கினால் எல்லை 1202-க்கு வந்துவிடும், நம் கருங்கல்காரரே எக்ஸ்சேஞ்சுக்குப் போக வேண்டும்.

அதனால் இரண்டு ரேட்டையும் ஒரே நேரத்தில் பாருங்கள். காலையில் கவுண்டரில் கேட்ட ரேட்டையும் ராத்திரி ரூமில் ஆப்பில் பார்த்த ரேட்டையும் வைத்து ஒப்பிட்டால், நடுவில் சந்தை நகர்ந்ததும் அதில் சேர்ந்துவிடும். இன்னொன்று, சனி ஞாயிறில் இந்தியாவில் அந்நியச் செலாவணிச் சந்தை மூடியிருக்கும், திங்கட்கிழமை என்ன ஆகுமோ என்று சிலர் அந்த இரண்டு நாளும் ரேட்டைக் கொஞ்சம் குறைத்தே வைப்பார்கள். வெள்ளிக்கிழமை சம்பளம் வந்தால் அன்றைக்கும் பாருங்கள், சனிக்கிழமையும் பாருங்கள், உங்கள் எக்ஸ்சேஞ்ச் அப்படிச் செய்கிறதா என்று ஒன்றிரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

இரண்டு மாதத்துக்குச் சேர்த்து ஒரே தடவையாக 3000 அனுப்பினால் சார்ஜ் மிச்சம்தானே?

சார்ஜ் மிச்சம் உண்டு. 3000-ஐ எக்ஸ்சேஞ்சில் போட்டால் 68,219 ரூபாய். 1500 வீதம் இரண்டு தடவை ஆப்பில் போட்டால் 68,100. 119 ரூபாய் லாபம். ஆனால் முதல் மாதத்து 1500 ஒரு மாதம் முழுவதும் ரூமில் தூங்குகிறது, அதற்கு என்ன விலை என்பதையும் பார்க்க வேண்டும்.

ஊரில் நகைக்கடன் இருக்கிறதா என்று முதலில் வீட்டில் கேளுங்கள். வெளிநாடு வரும்போது விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் மனைவியின் நகையைத்தான் வைத்திருப்போம், நம் பக்கத்தில் அது இல்லாத வீடு குறைவு. வட்டி ஆண்டுக்கு 12% என்றால் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். 34,000 ரூபாய் ஒரு மாதம் முன்னால் போய்க் கடனில் கட்டப்பட்டிருந்தால் 340 ரூபாய் வட்டி மிச்சமாகியிருக்கும். 119-க்காக 340-ஐ விடுகிறோம். 9% வட்டி என்றாலும் 255 ரூபாய் போகிறது. தனியார் பைனான்ஸில் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு என்று வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். கடன் இருக்கும் வரை மாதாமாதம் அனுப்புவதுதான் சரி என்பது என் கருத்து, அதுவும் வீட்டில் அந்தப் பணத்தை உடனே கடனில் கட்டினால்தான். பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கப்போகிறது என்றால் சேர்த்து அனுப்பலாம், அங்கே கிடைக்கும் வட்டி சொற்பம்.

உடைத்து அனுப்புவது மட்டும் வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் 750 வீதம் மாதம் இரண்டு தடவை போட்டால் இன்னொரு 481 ரூபாய் சும்மா போகிறது. அம்மாவுக்குத் தனியாக, மனைவிக்குத் தனியாக என்று இரண்டு கணக்குக்குப் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். ஒரே கணக்குக்கு அனுப்பி, ஊரிலிருந்து யுபிஐ-யில் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சம்பளம் விழுகிற பேங்கிலிருந்தே டாலராக அனுப்பினால் என்ன?

1500 அளவுக்கு அது சரிப்படாது. திர்ஹம் டாலராக மாறும்போது ஒரு வெட்டு, நடுவில் இருக்கும் பேங்க் எடுத்துக்கொள்வது ஒன்று, ஊரில் டாலரை ரூபாயாக்கும்போது அந்த பேங்கின் ரேட்டில் ஒன்று. அதற்குமேல் பணம் மாற்றுவதற்கான ஜிஎஸ்டியும் உண்டு: ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் தொகையில் 1%-ஐ மதிப்பாக எடுத்து அதில் 18%, குறைந்தபட்சம் 45 ரூபாய். 34,000-க்கு 61 ரூபாய் வரும். எக்ஸ்சேஞ்சும் ஆப்பும் பொதுவாக அங்கேயே ரூபாயாக மாற்றி அனுப்புவதால் ஊர் பேங்கில் இந்த வெட்டு விழாது. ரசீதில் தொகை ரூபாயில் எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கேம்பில் ஒருத்தர் 23.40 தருகிறேன், சார்ஜும் இல்லை, ஒரு மணி நேரத்தில் வீட்டில் பணம் என்கிறார்.

குழல்பணம், உண்டியல், ஹவாலா, எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம். கூகுள் ரேட்டைவிடக் கூடுதலாக ஒருவர் தருகிறார் என்றால் அந்தப் பணம் வேறு யாருடையதோ, அதை மறைக்க அவருக்கு உங்கள் வீட்டுக் கணக்கு தேவைப்படுகிறது.

இங்கே நீங்கள் 1500 திர்ஹம் கொடுப்பீர்கள். ஊரில் உங்கள் மனைவியின் கணக்கில் 35,100 ரூபாய் விழும், ஆனால் அனுப்பியவர் பெயர் யாரோ வடநாட்டுக்காரர் பெயராக இருக்கும். அவருடைய கணக்குக்கு அந்தப் பணம் ஆன்லைன் மோசடியில் வந்திருந்தால், ஏமாந்தவர் 1930 என்கிற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் புகார் கொடுத்ததும் பணம் போன வழியிலுள்ள கணக்குகளை ஒவ்வொன்றாகப் போலீஸ் முடக்கச் சொல்லும். மனைவி குளச்சல் கிளைக்குப் போய்க் கேட்டால், வேறு மாநிலத்து சைபர் கிரைம் போலீஸிடம் பேசுங்கள் என்பார்கள். பிள்ளையின் பள்ளிக்கட்டணம், கேஸ் மானியம், எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கும். இந்தப் பணம் எப்படி வந்தது என்று காட்ட உங்கள் கையில் ஒரு ரசீதும் இருக்காது. இது போதாதென்று, அனுமதி பெற்ற வழி அல்லாமல் வெளிநாட்டில் வசிப்பவர் சார்பாகப் பணம் வாங்குவது அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவை மீறுவது, தொகையில் மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். 1500 திர்ஹத்துக்கு ஆப்பைவிட 1050 ரூபாய் கூடுதல் வரும், அதற்காக வீட்டுப் பெண்ணைப் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்த வேண்டுமா?

அனுப்பி ரெண்டு நாள் ஆச்சு, வீட்டில் வரலை என்கிறார்கள்.

எக்ஸ்சேஞ்சிலோ ஆப்பிலோ யுடிஆர் நம்பர் கேளுங்கள். அதுதான் இந்தியாவுக்குள் பணம் நகர்ந்ததற்கு அடையாளம். ரசீதில் இருக்கும் அவர்களுடைய சொந்த நம்பரை ஊர் பேங்கில் காட்டிப் பயனில்லை. யுடிஆர் இருந்தால் வீட்டிலிருந்து கிளைக்குப் போய் அதைக் காட்டிக் கேட்கலாம். யுடிஆர் இன்னும் உருவாகவில்லை என்றால் பணம் அங்கேயே நிற்கிறது, பெரும்பாலும் ஏதோ ஆவணம் கேட்டு நிறுத்தி வைத்திருப்பார்கள், மெயிலையும் மெசேஜையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, பேங்க் லீவு என்பது இப்போது காரணம் இல்லை, ஐஎம்பிஎஸ்-உம் நெஃப்ட்டும் லீவு நாளிலும் ஓடும்.

ஊரில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் பழைய விவரங்கள். ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், அதை ஓ என்று அடித்துவிடுவார்கள். சிண்டிகேட் பேங்க் 2020-இல் கனராவோடு சேர்ந்துவிட்டது, SYNB என்று தொடங்கும் பழைய குறியீடு பாஸ்புக்கில் இருந்தால் அது இப்போது செல்லாது. அம்மாவின் கணக்கில் இரண்டு வருடம் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் விட்டிருந்தால் அது முடங்கிய கணக்காகியிருக்கும். திரும்பி வருகிற பணத்தை அன்றைய ரேட்டில் மறுபடி திர்ஹமாக்கித் தருவார்கள், முதலில் கட்டிய சார்ஜ் பெரும்பாலும் திரும்பாது. அதனால் புதிய கணக்குக்கு முதல் தடவை ஒரு சின்னத் தொகையை, சார்ஜ் இல்லாத வழியில் அனுப்பிப் பாருங்கள்.

நான் சவுதியில் மீன்பிடி போட்டில் இருக்கிறேன், தம்பி குவைத்தில். எங்களுக்கும் இதேதானா?

கணக்கு இதேதான், எண்கள் மாறும். சவுதியில் 2020 ஜூலையிலிருந்து வாட் 15%, அதனால் 20 ரியால் சார்ஜ் என்றால் 23 என்று போட்டுக் கணக்குப் பாருங்கள். ரியாலும் டாலருக்கு 3.75 என்று நிலையாக இருப்பதால் ரேட் இரண்டு இடத்திலும் சேர்ந்தே நகரும். கடலில் போய்ப் பல நாள் கழித்துக் கரைக்கு வருகிறவர்களுக்குத் தொகை சேர்ந்தே இருக்கும், அதனால் சார்ஜ் இருந்தாலும் ரேட் கூடின இடம்தான் பெரும்பாலும் சரிவரும். வட்டியைப் பற்றிச் சொன்னதை மட்டும் மறக்காதீர்கள்.

குவைத் தினார் ஒன்றுக்கே ரூபாய் நூற்றுக்கணக்கில் இருப்பதால், அங்கே ரேட் வித்தியாசம் பைசாவில் இல்லை, ரூபாயில் வரும். ஒரு இடத்தில் 275, ஒரு தினார் சார்ஜ், இன்னொரு இடத்தில் 273.50, சார்ஜ் இல்லை என்று வைத்துக்கொண்டால் 275-ஐ 1.50-ஆல் வகுக்க வேண்டும், 183 தினார். குவைத்தில் வாட் கிடையாது. தம்பி மாதம் 120 தினார் அனுப்புகிறார் என்றால் சார்ஜ் இல்லாத இடத்தில் போடட்டும், 200 என்றால் 275 தருகிற இடத்தில்.